விளிம்பு முதலில், நிலை பிறகு: டைமிங் டயகிராமைப் படிக்கும் முறை

ஒரு சிப்பின் கால்களில் மின்னழுத்தம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகளில் வரைந்து காட்டும் படம்தான் டைமிங் டயகிராம். நேரம் இடமிருந்து வலமாக ஓடும். ஒவ்வொரு கோடும் ஒரு சிக்னல். கோடு மேலே ஓடினால் அந்தக் காலில் 1, கீழே ஓடினால் 0. இந்த இரண்டு நிலைகளுக்கும் ஆய்வகப் பேச்சில் லெவல் என்று பெயர். கோடு கீழிருந்து மேலே தாவும் இடமும் மேலிருந்து கீழே விழும் இடமும் எட்ஜ், அதாவது விளிம்பு. தாவினால் ஏறு விளிம்பு, விழுந்தால் இறங்கு விளிம்பு.

முதன்முறை இந்தப் படத்தைப் பார்க்கும் டிப்ளமோ மாணவர் பெரும்பாலும் புத்தகம் படிப்பதுபோலவே படிக்கிறார். மேல் கோட்டை இடமிருந்து வலமாக முடித்துவிட்டு, அடுத்த கோட்டுக்கு இறங்குகிறார். RS மேலே இருக்கிறது, R/W கீழே இருக்கிறது, E நடுவில் கொஞ்ச நேரம் மேலே போகிறது, டேட்டா ஏதோ வருகிறது என்று நான்கு செய்திகள் கிடைக்கின்றன. நான்கும் சரிதான். ஆனால் சிப் எந்தக் கணத்தில் டேட்டாவை எடுத்துக்கொண்டது என்ற ஒரே கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. படத்தின் பரப்பில் பெரும்பகுதி நிலைகளுக்கே போய்விடுகிறது, விளிம்புக்குக் கிடைப்பது ஒரு சாய்ந்த சிறு கோடுதான். நடப்பது எல்லாம் அந்தச் சிறு கோட்டில் நடக்கிறது. ஆகவே ஓர் ஆசிரியர் தம் மாணவருக்கு இதைக் கடிதமாக எழுதினால், முதல் பத்தியிலேயே வைக்கவேண்டியது படிக்கும் வரிசை: முதலில் விளிம்பு, பிறகு அந்த விளிம்பின்போது மற்ற கோடுகளின் நிலை.

இதைக் கற்க மிகப் பொருத்தமான படம், ஏறக்குறைய எல்லா பாலிடெக்னிக் ஆய்வகங்களிலும் இருக்கும் 16x2 எல்சிடி திரையின் படம். பச்சை அல்லது நீலப் பின்னணியில் இரண்டு வரி, வரிக்குப் பதினாறு எழுத்து காட்டும் அந்தத் திரையை இயக்குவது ஹிட்டாச்சி நிறுவனத்தின் HD44780 என்ற கட்டுப்பாட்டு சிப், அல்லது அதைப் பின்பற்றிப் பிறர் செய்த சிப். அதற்குக் கட்டளை தரும் கால்கள் மூன்று. வருவது கட்டளையா எழுத்தா என்று சொல்வது RS. எழுதுகிறோமா படிக்கிறோமா என்று சொல்வது R/W. ‘இப்போது’ என்று சொல்வது E. இவற்றோடு DB0 முதல் DB7 வரை எட்டு டேட்டா கால்கள்.

டேட்டா ஷீட்டில் எழுதும் செயலுக்கான படத்தைத் திறந்தால் நான்கு வரிசைகள் தெரியும்: RS, R/W, E, DB0–DB7. முதல் வேலை, இந்த நான்கில் தலைமைக் கோடு எது என்று கண்டுபிடிப்பது. இதற்கு ஊகம் தேவையில்லை. படத்தில் இரு பக்கமும் அம்புக்குறி போட்ட சிறு அளவுக்கோடுகள் இருக்கும். அவற்றின் ஒரு முனை பல சிக்னல்களில் தொடங்கினாலும், மறுமுனை திரும்பத் திரும்ப ஒரே சிக்னலில் போய் முடியும். இந்தப் படத்தில் அது E. RS-க்கான அளவு E-யைத் தொடுகிறது, R/W-க்கான அளவும் E-யைத் தொடுகிறது, டேட்டாவுக்கான இரண்டு அளவுகளும் E-யையே தொடுகின்றன. எந்தக் கோட்டை மற்றவை எல்லாம் தொடுகின்றனவோ அதுதான் தலைமைக் கோடு.

இரண்டாவது வேலை, அந்தக் கோட்டில் எந்த விளிம்பு என்று பார்ப்பது. E-க்கு ஏறு விளிம்பு ஒன்று, இறங்கு விளிம்பு ஒன்று. டேட்டாவுக்கான இரண்டு அளவுகளும், அதாவது tDSW, tH இரண்டும், இறங்கு விளிம்பைத்தான் தொடுகின்றன. ஒன்று அதன் இடப்பக்கம் இருக்கிறது, மற்றது வலப்பக்கம். இடமும் வலமுமாக இரண்டு அளவுகள் ஒரு விளிம்பை அணைத்துக்கொண்டு நின்றால், டேட்டா உள்ளே போகும் கணம் அதுதான் என்று அறியலாம். ‘E மேலே இருக்கும்போது எல்சிடி டேட்டாவை எடுக்கிறது’ என்று பல நோட்டுகளில் எழுதியிருக்கும். அது பாதி உண்மை. E மேலே இருக்கும் நேரம் முழுவதும் டேட்டா கால்களில் என்ன மாறினாலும் எல்சிடி பொருட்படுத்தாது. E விழும் கணத்தில் அங்கே என்ன நிற்கிறதோ, அதைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது.

தபால் நிலையத்தில் முத்திரை குத்துவதை நினைத்தால் இது எளிதாகப் புரியும். முத்திரை விழுவதற்குச் சற்று முன்பே உறை மேசையில் அசையாமல் கிடக்க வேண்டும். விழுந்த பிறகும் ஒரு நொடி அசையக்கூடாது. முன்னதாக அசையாமல் இருக்கவேண்டிய நேரம் செட்டப் நேரம், பின்னால் அசையாமல் இருக்கவேண்டிய நேரம் ஹோல்டு நேரம். கை மேலே தூக்கியிருந்த நேரத்தில் உறையை மாற்றி வைத்தாலும் முத்திரைக்கு நட்டமில்லை.

மூன்றாவது வேலைக்கு ஒரு பென்சிலும் அடிக்கோலும் போதும். E விழும் இடத்தில் மேலிருந்து கீழாக எல்லாக் கோடுகளையும் வெட்டும்படி ஒரு நேர்கோடு போடவேண்டும். நிலைகளைப் படிக்கும் நேரம் இப்போதுதான் வருகிறது. அந்த நேர்கோடு RS-ஐ எங்கே வெட்டுகிறது? மேலே என்றால் வருவது எழுத்து, கீழே என்றால் கட்டளை. R/W-ஐ எங்கே வெட்டுகிறது? கீழே, எழுதும் செயல். டேட்டா வரிசையில் எட்டுக் கால்களையும் தனித்தனியாக வரையாமல், மேலும் கீழும் இரண்டு இணைகோடுகளாக வரைந்து, நடுவில் ‘சரியான டேட்டா’ என்று எழுதியிருப்பார்கள். சில கால்கள் 1, சில கால்கள் 0, எப்படி இருந்தாலும் இந்த இடைவெளி முழுவதும் மாறாமல் நிற்கிறது என்பதே அதன் பொருள். இரண்டு கோடுகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் மாற்றம் நடக்கலாம். அங்கே எந்த மதிப்பையும் நம்பக்கூடாது. சாய்கோடுகளால் நிரப்பிய பகுதி இருந்தால், அங்கே என்ன இருந்தாலும் சிப்புக்குக் கவலையில்லை என்று அர்த்தம். மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நடுவில் ஓடும் கோடு, அந்தக் காலை யாரும் இயக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

‘A’ என்ற எழுத்தை அனுப்புவதாக வைத்துக்கொள்ளலாம். அதன் குறியீடு 0x41, இரும எண்ணில் 0100 0001. பென்சில் கோடு விழும் கணத்தில் RS 1, R/W 0, DB6-இலும் DB0-இலும் 1, மற்ற டேட்டா கால்களில் 0. இந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் படத்தில் எத்தனை ஏற்ற இறக்கம் இருந்தாலும் திரையில் வருவது ‘A’.

நான்காவது வேலை, விளிம்பின் இரு பக்கமும் உள்ள அளவுகளுக்கு எண் போடுவது. எண்கள் படத்தில் இருக்காது, பக்கத்து அட்டவணையில் இருக்கும். படத்தில் பெயர் மட்டும் இருக்கும். படம் அளவுக்கேற்ப வரையப்பட்டதும் அல்ல: 10 நானோ வினாடியும் 230 நானோ வினாடியும் அச்சில் ஏறக்குறைய ஒரே அகலத்தில் தெரியலாம். ஆகவே ஸ்கேல் வைத்து அளந்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஹிட்டாச்சி ஷீட்டில் இரண்டு அட்டவணைகள் உண்டு, ஒன்று 2.7 முதல் 4.5 வோல்ட் வரைக்கும் மற்றது 4.5 முதல் 5.5 வோல்ட் வரைக்கும். 5 வோல்ட்டில் ஓடும் திரைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். அதன்படி டேட்டா, E விழுவதற்கு 80 நானோ வினாடி முன்பே வந்து நிற்கவேண்டும், விழுந்த பிறகு 10 நானோ வினாடி நிற்கவேண்டும். E குறைந்தது 230 நானோ வினாடி மேலே இருக்கவேண்டும். ஒரு ஏறு விளிம்புக்கும் அடுத்த ஏறு விளிம்புக்கும் இடையே குறைந்தது 500 நானோ வினாடி வேண்டும்.

RS, R/W இரண்டுக்கும் உள்ள அளவு இங்கே தனிக் கவனம் பெறவேண்டியது. அவற்றின் செட்டப் நேரமான tAS தொடுவது E-யின் ஏறு விளிம்பை. E ஏறுவதற்கு 40 நானோ வினாடி முன்பே RS-உம் R/W-உம் தீர்மானமாகிவிட வேண்டும். E விழுந்த பிறகு 10 நானோ வினாடி வரை அவை மாறக்கூடாது. ஆக, ஒரே E-யின் இரண்டு விளிம்புகளுக்கும் வெவ்வேறு வேலை. ஏறும்போது ‘எந்த வகைச் செயல்’ என்பது முடிவாகியிருக்க வேண்டும். இறங்கும்போது ‘என்ன மதிப்பு’ என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

நிலைகளை மட்டும் படித்தவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. விளிம்புகளைப் படித்தவருக்கோ, ஆய்வகத்தில் அடிக்கடி எழும் ஒரு குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். ஒரு நூலில் உள்ள 8051 நிரல் டேட்டாவை முதலில் போர்ட்டில் வைத்துவிட்டு E-யை ஏற்றுகிறது. இன்னொரு நூலின் நிரல் E-யை ஏற்றிவிட்டு அதன்பிறகு டேட்டாவை வைக்கிறது:

```
SETB RS
CLR  RW
SETB E
MOV  P1, A
CLR  E
```

இரண்டில் எது சரி என்று மாணவர்கள் வாதாடுவதுண்டு. இரண்டும் சரி. டேட்டாவுக்கான அளவு இறங்கு விளிம்பிலிருந்து எண்ணப்படுவதால், `CLR E`-க்கு 80 நானோ வினாடி முன்பு டேட்டா வந்தால் போதும். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்ட பாரம்பரிய 8051-இல் ஒரு மெஷின் சைக்கிள் 1 மைக்ரோ வினாடி, அதாவது 1000 நானோ வினாடி. மேலே உள்ள கட்டளைகள் ஒவ்வொன்றும் ஒரு மெஷின் சைக்கிள். எனவே டேட்டா வந்து 1000 நானோ வினாடி கழித்துத்தான் E விழுகிறது. தேவையைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் `SETB RS` என்ற வரியை `SETB E`-க்குக் கீழே நகர்த்தினால் அது தவறு. RS-க்கான அளவு ஏறு விளிம்பிலிருந்து எண்ணப்படுகிறது, அது மீறப்பட்டுவிட்டது. டேட்டாவை நகர்த்தலாம், RS-ஐ நகர்த்தக்கூடாது. பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு வரிகளுக்கு ஏன் இரண்டு சட்டம் என்பதற்கு நிலைகளில் விடை கிடையாது.

8051-இல் பழகியவர் வேகமான மைக்ரோகண்ட்ரோலருக்கு மாறும்போதுதான் அளவுகள் உண்மையில் கடிக்கத் தொடங்குகின்றன. ஆர்டுயினோ உனோ போர்டில் உள்ள ATmega328P 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒரு கிளாக் 62.5 நானோ வினாடி. 8051 பழக்கத்திலேயே E-யை ஏற்றி இறக்க அசெம்பிளியில் இப்படி எழுதினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்:

```
sbi PORTB, 0
cbi PORTB, 0
```

`sbi`, `cbi` இரண்டும் தலா இரண்டு கிளாக் எடுக்கும். E ஏறியதற்கும் இறங்கியதற்கும் இடையே கிடைப்பது இரண்டு கிளாக், 125 நானோ வினாடி. தேவை 230. மீதி 105 நானோ வினாடியை இரண்டு `nop` நிரப்பும்: 125-உடன் 125 சேர்த்தால் 250. மூன்று போட்டால் 312.5, இன்னும் நிம்மதி. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டவர் மற்ற எந்த சிப்பின் அட்டவணைக்கும் இதே வழியில் போடமுடியும்.

ஆர்டுயினோவின் LiquidCrystal நூலகத்தைப் பயன்படுத்துபவர் இந்தச் சிக்கலைச் சந்திப்பதில்லை. அந்த நூலகத்தில் E-யை ஏற்றிவிட்டு `delayMicroseconds(1)` என்று காத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே, துடிப்பு 450 நானோ வினாடிக்கு மேல் இருக்கவேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறது. 450 என்பது குறைந்த வோல்ட் அட்டவணையில் உள்ள எண். நூலகத்தை எழுதியவர்கள் இரண்டு அட்டவணைகளில் கடுமையானதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

125 நானோ வினாடி துடிப்பைக் கொடுத்தும் சில திரைகள் ஒழுங்காக வேலை செய்யும். இதுதான் மாணவரை அதிகம் ஏமாற்றும் இடம். அட்டவணையில் உள்ள 230 என்பது ‘இதற்குக் கீழே போனால் நின்றுவிடும்’ என்ற எல்லை அன்று. ‘இதற்கு மேலே இருந்தால், நாங்கள் விற்கும் எந்தத் துண்டும், குறிப்பிட்ட வெப்பநிலைக்குள் வேலை செய்யும்’ என்று தயாரிப்பாளர் தரும் வாக்கு. மேசையில் இருக்கும் ஒரு துண்டு 100 நானோ வினாடியிலும் வேலை செய்யக்கூடும். அதே நிரலை அடுத்த பெஞ்சில் உள்ள திரையில் ஓட்டினால் எழுத்துகள் விட்டுப்போகும். ‘என் கிட்டில் ஓடுகிறது, அந்தக் கிட் பழுது’ என்று முடிவு கட்டுவதற்கு முன் E-யின் அகலத்தைக் கணக்கிடுவது நல்லது.

அட்டவணையில் உள்ள எண் யாருடைய பொறுப்பு என்பதையும் இங்கேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எழுதும் செயலில் டேட்டாவைத் தருவது மைக்ரோகண்ட்ரோலர். ஆகவே செட்டப், ஹோல்டு, துடிப்பின் அகலம் எல்லாமே ‘குறைந்தது’ என்ற பத்தியில் இருக்கும். அந்தக் குறைந்த அளவை நிறைவேற்றுவது நிரல் எழுதுபவரின் கடமை. படிக்கும் செயலில் பாத்திரங்கள் மாறுகின்றன. R/W 1 ஆகிறது, டேட்டாவைத் தருவது எல்சிடி. அப்போதைய படத்தில் தலைமைக் கோடு அதே E-தான், ஆனால் முக்கிய விளிம்பு ஏறு விளிம்பு. E ஏறியதிலிருந்து ‘அதிகபட்சம்’ 160 நானோ வினாடிக்குள் டேட்டாவைத் தந்துவிடுவதாக எல்சிடி வாக்களிக்கிறது. E விழுந்த பிறகு குறைந்தது 5 நானோ வினாடி அதை விடாமல் வைத்திருப்பதாகவும் சொல்கிறது. எனவே E ஏறிய உடனே படித்தால் பழைய குப்பைதான் கிடைக்கும். E விழுந்த பிறகு படிக்கலாம் என்றால், 5 நானோ வினாடிக்குள் படிக்க எந்தச் சிறு மைக்ரோகண்ட்ரோலராலும் முடியாது. E மேலே இருக்கும்போதே, ஏறி 160 நானோ வினாடி கழித்துப் படிக்கவேண்டும்.

ATmega328P-க்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. அதன் உள்ளீட்டுக் கால்களில் ஒத்திசைவுச் சுற்று ஒன்று இருப்பதால், காலில் வந்த மதிப்பு `in` கட்டளைக்குத் தெரிய ஒன்றரை கிளாக் வரை, அதாவது சுமார் 94 நானோ வினாடி வரை ஆகலாம். 160-உம் 94-உம் சேர்ந்தால் 254. E-யை ஏற்றிவிட்டு ஐந்து `nop` போட்டால் 312.5 நானோ வினாடி கிடைக்கும். அதன்பிறகு DB7-ஐப் படித்தால், எல்சிடி வேலையாக இருக்கிறதா என்பதைச் சொல்லும் பிஸி கொடி சரியாகக் கிடைக்கும். எழுதும்போது இறங்கு விளிம்பு, படிக்கும்போது ஏறு விளிம்பு. E மேலே நிற்கும் நிலை இரண்டு படங்களிலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

பத்து நானோ வினாடி ஹோல்டு நேரம் மிகச் சிறியது, அதை யார் மீறப்போகிறார்கள் என்று தோன்றும். மீறுவது மிக எளிது. நான்கு பிட் முறையில் இணைக்கும்போது RS, E, டேட்டா எல்லாவற்றையும் ஒரே போர்ட்டில் வைப்பது வழக்கம்: RS இரண்டாவது பிட், E மூன்றாவது பிட், டேட்டா நான்கு முதல் ஏழு வரை. எழுத்தை அனுப்பி முடித்ததும் ‘எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடலாம்’ என்று மாணவர் ஒரே வரியில் எழுதிவிடுவார்:

```
PORTD = 0x00;
```

E விழும் அதே கணத்தில் டேட்டாவும் மாறுகிறது, RS-உம் மாறுகிறது. ஹோல்டு நேரம் பூஜ்யம். எந்தக் கால் ஒரு துளி முந்துகிறது என்பதைப் பொறுத்து சரியான எழுத்தும் வரலாம், வேறு எழுத்தும் வரலாம். முத்திரை விழும்போதே உறையை இழுத்த கதை. E-யை மட்டும் முதலில் இறக்கிவிட்டு, மற்றதை அடுத்த வரியில் மாற்றினால் போதும்:

```
PORTD &= ~0x08;
PORTD &= 0x0F;
```

இரண்டு கட்டளைகளுக்கு இடையே 16 மெகாஹெர்ட்ஸில் குறைந்தது ஒரு கிளாக், 62.5 நானோ வினாடி, கழிந்துவிடும். தேவைப்பட்டது 10.

நான்கு பிட் முறையில் ஒரு விளிம்பு தவறினால் என்ன ஆகும் என்பதை விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது, ஏனென்றால் திரையில் தெரியும் குப்பையிலிருந்தே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த முறையில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு துண்டாகப் போகிறது, முதலில் மேல் நான்கு பிட், பிறகு கீழ் நான்கு பிட். ஒவ்வொரு துண்டுக்கும் E ஒருமுறை ஏறி இறங்கும். ABCD என்று அனுப்பினால் குறியீடுகள் 41, 42, 43, 44. துண்டுகளாகப் போவது 4, 1, 4, 2, 4, 3, 4, 4.

இதில் ‘A’-யின் இரண்டாவது துண்டான 1-க்குரிய E துடிப்பு மட்டும் மிகக் குறுகிப்போய் எல்சிடி அதைக் கவனிக்கவில்லை என்று கொள்ளலாம். எல்சிடி பார்ப்பது 4, 4, 2, 4, 3, 4, 4. அது இரண்டிரண்டாகச் சேர்க்கிறது: 44, 24, 34, கடைசி 4 ஜோடி இல்லாமல் காத்து நிற்கிறது. 44 என்பது D, 24 என்பது $, 34 என்பது 4 என்ற இலக்கம். ABCD கேட்ட இடத்தில் திரையில் வருவது `D$4`. அனுப்பிய எழுத்துக்கும் வந்த எழுத்துக்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் இந்தக் குப்பைக்குக் காரணம், தவறிப்போன ஒரே ஒரு இறங்கு விளிம்பு. அதன்பிறகு அனுப்பும் எல்லாமே ஒரு துண்டு தள்ளித்தான் போகும், திரையை மறுபடி தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் வரை சரியாகாது.

எட்டு பிட் முறையில் அதே தவறு நடந்தால் ஒரு எழுத்து மட்டும் காணாமல் போகும், BCD என்று வரும், அடுத்தவை ஒழுங்காகவே இருக்கும். ஒரு இடத்தில் தொடங்கி அதற்குப்பின் எல்லாம் கெட்டுப்போனால் விளிம்பு எண்ணிக்கையில் பிழை. ஆங்காங்கே ஒரு எழுத்து மட்டும் வேறாக வந்தால், விளிம்பின்போது டேட்டாவின் நிலையில் பிழை, அதாவது செட்டப் அல்லது ஹோல்டு. இந்த இரண்டையும் பிரித்தறிந்தால் தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

விளிம்பு குறைவதுபோலவே கூடுவதும் உண்டு. E கம்பியை நீளமான ரிப்பன் கேபிளில் கொண்டுபோனால் விளிம்பு செங்குத்தாக இராது, சரிந்து மெதுவாக ஏறும் அல்லது முனையில் அதிர்ந்து துடிக்கும். டேட்டா ஷீட்டில் E-யின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அதிகபட்சம் 20 நானோ வினாடி என்று 5 வோல்ட் அட்டவணை சொல்வது இதற்காகத்தான். படத்தில் விளிம்புகளைச் செங்குத்தாக வரையாமல் சாய்வாக வரைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. 5 வோல்ட்டில் இந்த சிப் 2.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 1 என்றும், 0.6 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 0 என்றும் உறுதியாக எடுத்துக்கொள்ளும். இடைப்பட்டது யாருக்கும் சொந்தமில்லாத பகுதி. அந்தப் பகுதியில் E அதிர்ந்து மேலும் கீழும் போனால், ஒரு இறக்கத்தை எல்சிடி இரண்டாக எண்ணிவிடலாம். அப்போதும் துண்டுகள் தள்ளிப்போய், மேலே சொன்னதுபோன்ற தொடர் குப்பையே வரும். கேபிளைச் சுருக்குவதும், E-க்குப் பக்கத்திலேயே ஒரு கிரவுண்டு கம்பி ஓடவிடுவதும் இதற்கு நல்ல மருந்து.

சந்தேகம் வந்தால் அளந்து பார்க்கவேண்டும். ஆசிலோஸ்கோப்பில் முதல் சானலை E-யில் இணைத்து, டிரிகரை இறங்கு விளிம்புக்கு வைக்கவேண்டும். காகிதத்தில் பென்சில் கோடு போட்ட அதே விளிம்பு இது. திரையில் அந்தக் கணம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். இரண்டாவது சானலை ஒவ்வொரு டேட்டா காலாக நகர்த்தினால், அந்தக் கணத்துக்கு இடப்பக்கம் எவ்வளவு நேரம் முன்பே அது நிலைத்தது, வலப்பக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பது தெரியும். டேட்டா ஷீட்டின் படம் இப்போது ஸ்கோப்பில் உயிரோடு ஓடுகிறது. மலிவான லாஜிக் அனலைசரை வைத்து இதைச் செய்வதற்கு ஒரு வரம்பு உண்டு. வினாடிக்கு 24 மில்லியன் முறை பார்க்கும் கருவி, ஏறக்குறைய 42 நானோ வினாடிக்கு ஒருமுறைதான் கண்ணைத் திறக்கிறது. 230 நானோ வினாடித் துடிப்பில் அதற்கு ஐந்து அல்லது ஆறு புள்ளிகள் கிடைக்கும், அகலத்தை ஓரளவு மதிப்பிடலாம். 10 நானோ வினாடி ஹோல்டு அதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு சிக்னல்களும் ஒரே நேரத்தில் மாறியதாக அது காட்டினால், ஹோல்டு மீறப்பட்டது என்றோ மீறப்படவில்லை என்றோ அதைக்கொண்டு சொல்லமுடியாது.

எல்லா விளிம்புகளும் ஒழுங்காக இருந்தும் எழுத்துகள் விட்டுப்போவதுண்டு. அந்தப் பிழை டைமிங் டயகிராமில் இல்லை, கட்டளைப் பட்டியலில் இருக்கிறது. படம் சொல்வது ஒரு எழுத்தை எல்சிடியின் வாசலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வரைதான். சேர்த்த பிறகு அதை உள்ளே செயல்படுத்த, உள் ஆஸிலேட்டர் 270 கிலோஹெர்ட்ஸில் ஓடும்போது பெரும்பாலான கட்டளைகளுக்கு 37 மைக்ரோ வினாடி ஆகும். கர்சரை முதல் இடத்துக்குக் கொண்டுவரும் கட்டளைக்கு 1.52 மில்லி வினாடி. திரையை முழுவதும் அழிக்கும் கட்டளைக்கும் அதே அளவு நேரம் விடவேண்டும். திரையை அழித்தவுடன் அனுப்பிய முதல் சில எழுத்துகள் மட்டும் காணாமல் போனால், E-யைக் குறைசொல்ல வேண்டியதில்லை. காத்திருப்பு போதவில்லை.

கடையில் வாங்கும் திரைகளில் கட்டுப்பாட்டு சிப் பெரும்பாலும் கறுப்புப் பிசின் துளிக்கு அடியில் மறைந்திருக்கும். மேலே எண் எதுவும் இராது. ஹிட்டாச்சி சிப்பைப் பின்பற்றிச் செய்த வகைகளுக்கு அளவுகள் சற்று வேறுபடும். எது உள்ளே இருக்கிறது என்று தெரியாதபோது ஹிட்டாச்சியின் குறைந்த வோல்ட் அட்டவணையில் உள்ள எண்களையே பின்பற்றுவது பாதுகாப்பு: E-க்கு 450 நானோ வினாடி, டேட்டா செட்டப்புக்கு 195, RS-க்கு 60, சுழற்சிக்கு 1000. இந்தத் தாராளத்தால் வேகம் போய்விடுமோ என்று கவலைப்பட இடமில்லை. துடிப்பு 230-இலிருந்து 450 ஆகும்போது கூடுவது 220 நானோ வினாடி. திரையின் 32 எழுத்துகளையும் எட்டு பிட் முறையில் நிரப்ப மொத்தமாகக் கூடுவது 7 மைக்ரோ வினாடி, எல்சிடி ஒரே ஒரு எழுத்தை உள்ளே எழுதிக்கொள்ளும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு.